தொட்டிச் சுவரில் இறுகிப்போன மிதவை வால்வைக் கழற்றுவது எப்படி?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டுக்கும் மொட்டை மாடியில் 500 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி உண்டு. பொது மோட்டார் ஓடும்போது எங்கள் தொட்டி மட்டும் நிரம்பி வழிகிறது. பித்தளை மிதவை வால்வை மாற்ற வந்த பிளம்பர் பைப் ரெஞ்சால் திருகியபோது நட்டு அசையவில்லை, தொட்டியின் சுவர்தான் முறுக்கிக்கொண்டு வந்தது. பயந்து நிறுத்தச் சொல்லிவிட்டேன். தொட்டியையே மாற்றிவிடலாம் என்கிறார். வேறு வழி இல்லையா? புதிய வால்வு வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
— ஒரு வாசகி, சென்னை

பதில்: சுவர் கிழியாமல் இருக்கும்வரை தொட்டியை மாற்ற வேண்டியதில்லை. சுவர் முறுக்கத் தொடங்கியதும் நிறுத்தச் சொன்னது மிகச் சரியான முடிவு. இத்தொட்டிகள் பாலிஎத்திலீனால் ஆனவை. சுவரின் கனம் சில மில்லிமீட்டர்தான். நட்டு நகராமல் ரெஞ்சை அழுத்தினால் அந்த விசை முழுவதும் துளையின் விளிம்புக்குப் போகிறது. பார்வைக்குச் சுவர் வளைந்து மீள்வது போலிருந்தாலும், விளிம்பில் மயிரிழை போன்ற விரிசல் விழுந்துவிடலாம். ஆகவே, சுவருக்கு விசை போகாதபடி வேலை செய்வதும், கழலாத பழைய வால்வைக் காப்பாற்ற முயலாமல் அறுத்தெடுப்பதும்தான் வழி. மாற்றப்போகிற வால்வுதானே, காப்பாற்ற வேண்டியது தொட்டியை மட்டுமே.

முதலில் பொருத்தத்தின் அமைப்பைப் பாருங்கள். தொட்டிக்குள் இருக்கும் வால்வின் உடலிலிருந்து மரை வெட்டிய பித்தளைக் குழாய் ஒன்று துளை வழியாக வெளியே வருகிறது. சுவரை உள்ளேயும் வெளியேயும் கவ்விப் பிடிக்க ஒவ்வொரு நட்டும், கசிவைத் தடுக்க ரப்பர் வாஷரும் இருக்கும். வெளியே நீண்டிருக்கும் மரையில் பிளாஸ்டிக் குழாயின் மரை அடாப்டர் திருகப்பட்டிருக்கும். சென்னையின் ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பு உப்பு, கசிந்து காயும் இடங்களில் வெள்ளைப் படிவாக மரைக்குள் இறுகுகிறது. பல இடங்களில் நட்டு அசையாததற்கு இதுவே காரணம். பழைய வீடுகளில் பித்தளை மரையின் மேல் இரும்பு சாக்கெட்டைத் திருகியிருப்பார்கள். பித்தளையோடு ஈரத்தில் சேர்ந்திருக்கும் இரும்பு விரைவில் துருப்பிடித்து மரையோடு பிணைந்துகொள்ளும். துருவாக இருந்தால் வினிகரை நம்பிக் காத்திராமல் நேரே அறுப்பதே மேல்.

வேலைக்கு முன் பொது மோட்டாரை நிறுத்தச் சொல்லி, உங்கள் தொட்டிக்கு வரும் கிளைக்குழாயின் வால்வையும் மூடுங்கள். வேலை நடக்கும்போது யாரும் மோட்டாரைப் போட்டுவிடாமல் அண்டை வீட்டாரிடம் சொல்லிவைப்பது நல்லது. மிதவை வால்வு தொட்டியின் மேல்பகுதியில் இருப்பதால் தொட்டியைக் காலி செய்ய வேண்டியதில்லை. நீர்மட்டம் துளைக்கு ஒரு சாண் கீழே இறங்கினால் போதும்.

அடுத்து, வெளியிலிருந்து வரும் பிளாஸ்டிக் குழாயைச் சுவரிலிருந்து நான்கைந்து அங்குலம் தள்ளி அறுத்துவிடுங்கள். பலர் இதற்குத் தயங்கி அடாப்டரைத் திருகிக் கழற்றவே முயல்கிறார்கள். குழாய்த் துண்டும், மறுபடி ஒட்டுவதற்கான கப்ளரும் தொட்டியின் விலையோடு ஒப்பிட ஒரு பொருட்டே அல்ல. குழாய் இணைந்திருக்கும்வரை வால்வை எந்தப் பக்கமும் அசைக்க முடியாது. அறுத்ததும் என்ன நடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

இப்போது வெள்ளைப் படிவைக் கரைக்கலாம். பழைய துணியை வினிகரில் நனைத்து வெளி நட்டையும் தெரியும் மரையையும் சுற்றிக் கட்டி, மேலே ஒரு பிளாஸ்டிக் உறையை இறுக்கி, இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். துணியை வைக்கும்போதே சிறு நுரை எழுந்தால் படிவு சுண்ணாம்புதான் என்பதும், வினிகர் வேலை செய்கிறது என்பதும் உறுதி. தொட்டி கழுவும் பிளீச்சிங் பவுடரை அன்று அருகில் கொண்டுவராதீர்கள். அது வினிகரோடு சேர்ந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு கிளம்பும். துருப்பிடித்த நட்டுகளுக்குத் தெளிக்கும் எண்ணெயும் மண்ணெண்ணெயும் குடிநீர்த் தொட்டியில் வேண்டாம். நெருப்புச் சுடரை எந்த நிலையிலும் காட்டக் கூடாது. பித்தளை சூடேறும் முன்பே சுற்றியுள்ள பாலிஎத்திலீன் உருகத் தொடங்கிவிடும்.

காலையில் திருகுவதற்கு முன் ஒரு மார்க்கர் பேனாவால் சுவர், நட்டு, மரைக்குழாயின் முனை ஆகிய மூன்றையும் கடந்து ஒரே நேர்கோடு போடுங்கள். உள்ளே ஒருவர் வால்வின் உடலை ரெஞ்சால் அசையாமல் பிடித்திருக்க, வெளியே இன்னொருவர் நட்டைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். பைப் ரெஞ்சைவிட நட்டின் பக்கங்களில் சரியாக உட்காரும் ஸ்பேனர் நல்லது. பைப் ரெஞ்ச் பித்தளை நட்டின் மூலைகளைத் தேய்த்துவிடும். நட்டின் கோடு மட்டும் விலகினால் நட்டு கழல்கிறது. நட்டும் குழாயும் சேர்ந்து விலகினால் உள்ளே பிடித்திருப்பவரின் பிடி நழுவுகிறது. மூன்று கோடுகளும் ஒன்றாகவே நின்று, துளையைச் சுற்றிய சுவர் சுருங்கி மடிந்தால், உடனே கையை எடுத்துவிடுங்கள். ரெஞ்சின் கைப்பிடியில் குழாயைச் செருகி நீளமாக்கி அழுத்துவது இந்த இடத்தில் கூடவே கூடாது; அதிகமாக்கப்பட்ட அந்த விசையைச் சுவர்தான் வாங்கும்.

உங்கள் பிளம்பர் ஏற்கனவே முயன்று தோற்றிருப்பதால், வினிகருக்குப் பிறகும் நட்டு அசையாமல் போகக் கூடும். அப்போது வெளி நட்டுக்கும் அடாப்டருக்கும் இடையே தெரியும் மரைக்குழாயை ஆக்சா பிளேடால் அறுத்துவிடுங்கள். பித்தளை இரும்பைவிட மென்மையானது. முக்கால் அங்குல வால்வின் குழாய் நடுவில் வெற்றிடமாக இருப்பதால் சற்று நேரத்தில் அறுந்துவிடும். வெளிப்பக்கமாக அறுக்கச் சொல்வதற்குக் காரணம், பித்தளைத் தூள் தண்ணீரில் விழாது என்பதே. அறுத்த முனையின் பிசிறை அரத்தால் தேய்த்தால், நட்டு வரும் வழியில் தடையிராது.

அப்போதும் நட்டு வராவிட்டால் அதையே பிளக்க வேண்டும். நட்டுக்கும் சுவருக்கும் இடையே ஒரு மெல்லிய தகட்டைச் செருகிச் சுவரை மறைத்துக்கொள்ளுங்கள். நட்டின் ஒரு பக்கத்தில், மரைக்குழாயின் நீளவாக்கில், உள் மரையைத் தொடும் அளவுக்கு ஆக்சா பிளேடால் ஒரு வெட்டு போடுங்கள். அந்த வெட்டில் தட்டை முனை திருப்புளியைச் செருகி முறுக்கினால் நட்டு விரிந்து, பெரும்பாலும் பிளவும் விடும். அதன் பிடி தளர்ந்துவிடும். பிறகு வால்வை உள்பக்கமாக இழுத்தெடுக்கலாம். அடாப்டருக்கும் நட்டுக்கும் இடையே பிளேடு நுழைய இடமே இல்லையென்றால், முதலில் அடாப்டரின் பிளாஸ்டிக்கை நீளவாக்கில் இரண்டு இடங்களில் அறுத்துப் பெயர்த்துவிடுங்கள்.

வால்வு வெளியே வந்ததும் துளையை உலரத் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் விரலால் விளிம்பை அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது கோடு திறந்து மூடினால் அது விரிசல். அதன் மேல் எபாக்ஸி பசையையோ பிளாஸ்டிக் குழாய் ஒட்டும் சிமென்டையோ பூசுவது வீண்; பாலிஎத்திலீனில் இவை உறுதியாக ஒட்டுவதில்லை. சிறு விரிசலானால், அகலமான வாஷருள்ள டேங்க் நிப்பிளைப் பொருத்தி அதன் மூடியைப் போட்டுப் பழைய துளையை அடைத்துவிட்டு, சுவரின் தட்டையான வேறிடத்தில், பழைய துளையிலிருந்து ஒரு சாணாவது தள்ளி, துளையிடும் வட்ட ரம்பத்தால் புதுத் துளை போடலாம். அடைத்த இடத்தில் விரிசல் நிப்பிளின் விளிம்பைத் தாண்டி நீண்டிருந்தால்தான் தொட்டியை மாற்றுவது பற்றிப் பேச வேண்டும். பிளம்பரின் ரெஞ்சால் துளை கிழிந்திருந்தால், கூலி பெற்றுச் செய்த வேலையின் குறைபாடாக அதை நீங்கள் கேட்கலாம். முதலில் அவரிடம் எழுத்தில் கேளுங்கள், பயன் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். படம் எடுத்துவைத்திருப்பது உதவும்.

இனி வாங்குவது. கடையில் ‘பால்காக்’ என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள்: முக்கால் அங்குலம் என்பது குழாயின் பெயரளவு, அதன் மரையின் வெளி விட்டம் ஏறக்குறைய 26 மில்லிமீட்டர். அரை அங்குல வால்வுக்கு இது 21 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். எனவே துளையை ஸ்கேலால் அளந்துகொண்டு, அறுத்தெடுத்த வால்வையும் கையோடு கொண்டுபோவது நல்லது. மரைக்குழாய் இரண்டு நட்டு, இரண்டு வாஷர், சுவர் ஆகியவற்றைத் தாண்டி அடாப்டருக்கும் இடம் தரும் அளவுக்கு நீளமாக இருக்கிறதா என்று கடையிலேயே பொருத்திப் பாருங்கள். பித்தளை வால்வுக்கான இந்திய தர நிர்ணயம் ஐ.எஸ். 1703, உடலில் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். உப்புத் தண்ணீருக்கு முலாம் பூசிய இரும்பு நட்டு வரும் வால்வை எடுக்காதீர்கள். நட்டும் பித்தளையாக இருக்க வேண்டும். காந்தம் ஒன்றைக் கையில் வைத்திருந்தால், ஒட்டுகிற நட்டு இரும்பு என்பது உடனே தெரியும்.

பொருத்தும்போது ரப்பர் வாஷர்கள் சுவரின் இரு பக்கமும் நேராகத் தட்டையாக உட்கார வேண்டும். நட்டைக் கையால் இறுக்கியபின் ஸ்பேனரால் அரைச் சுற்று போதும். டெஃப்ளான் டேப் அடாப்டர் மரைக்கு மட்டுமே. நட்டின் கசிவை வாஷர்தான் தடுக்கிறது. அடாப்டரை அடுத்து ஒரு யூனியன் போடச் சொல்லுங்கள்; அடுத்த முறை குழாயை அறுக்காமலேயே அவிழ்த்துவிடலாம். பிறகு கிளை வால்வைத் திறந்து மோட்டாரை ஓடவிட்டு, நீர் ஏறி மிதவை தானாகவே மூடும்வரை அருகில் நின்று பாருங்கள். நட்டைச் சுற்றி ஈரம் தெரிந்தால் கால் சுற்று மட்டும் இறுக்குங்கள். அதற்கும் நிற்காவிட்டால் இன்னும் இறுக்காமல், வாஷர் மடிந்திருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள்.