துறைத்தலைவர் கையெழுத்து எதற்கு?

தென்காசியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் பி.எஸ்சி. இயற்பியல், மூன்றாம் ஆண்டு. இந்திய அறிவியல் அகாடமிகள் நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறாள்; பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். தாயின் அண்ணனோ, "துறைத்தலைவர் கையெழுத்துதான் எடுபடும். இதெல்லாம் எதற்கு, வீட்டை அடமானம் வைத்து அமெரிக்காவுக்கு அனுப்பு" என்கிறாராம்.

பதற வேண்டாம், அம்மா. உங்கள் அண்ணன் சொல்வது இரண்டும் தவறு. ஆய்வு தனக்குப் பிடிக்குமா என்றே இன்னும் பார்த்திராத பெண்ணுக்காக வீட்டை அடகு வைக்காதீர்கள். இந்தத் திட்டத்தில் தேர்வானால் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் வேலை செய்து பார்ப்பாள், அதுவும் உதவித்தொகையோடு.

துறைத்தலைவர் அவளுக்குப் பாடம் எடுத்ததில்லை என்கிறீர்கள். அவரால் "ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி" என்றுதான் எழுத முடியும். படிப்பவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. நான்காம் பருவத்தில் ஆய்வகம் எடுத்த உதவிப் பேராசிரியரைக் கேட்கச் சொல்லுங்கள். ஒளி விலகும் கோணத்தை அளக்கும் நிறமாலைமானிச் சோதனையில், எதிரெதிரே உள்ள இரண்டு வெர்னியர் அளவுகோல்களின் அளவீடுகளுக்கும் 180 டிகிரி வித்தியாசம் வரவில்லை என்று கவனித்து, தான் அரை டிகிரியை விட்டுப் படித்ததை அவளே கண்டுபிடித்து, முழு அட்டவணையையும் மறுவாரம் திரும்ப எடுத்ததாக எழுதியிருக்கிறீர்களே, அதை நேரில் பார்த்தவர் அவர்தான்.

முதலில் நேரில் கேட்கட்டும். அன்றே மின்னஞ்சலும் போகட்டும், கடைசி நாளுக்கு மூன்று வாரமாவது முன்பு. ஆங்கிலத்தில் எழுதினாலும் சாரம் இதுதான்:

"ஐயா, நான்காம் பருவ ஆய்வகத்தில் உங்களிடம் பயின்றேன். கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு உங்கள் பரிந்துரை வேண்டும். கடைசி நாள் நவம்பர் 25. 20-ஆம் தேதிக்குள் முடிந்தால் நல்லது. ஒரு பக்கத் தன்விவரமும் மதிப்பெண் பட்டியலும் இணைத்திருக்கிறேன். குறிப்பிடத் தகுந்தவை: வெர்னியர் பிழையைக் கண்டறிந்து சோதனையைத் திரும்பச் செய்தது, ஒளியியல் தாளில் பெற்ற மதிப்பெண், பிற மாணவிகளுக்குக் கருவியைச் சீரமைக்கக் கற்றுக்கொடுத்தது. எழுத இயலாது என்றால் தயங்காமல் சொல்லுங்கள், வேறொருவரைக் கேட்டுக்கொள்கிறேன்."

தேதி இங்கே மாதிரிக்குத்தான். அந்த ஆண்டு அறிவிப்பில் உள்ளதையே போட வேண்டும். குறிப்புகள் மூன்றுக்கு மேல் வேண்டாம், அவர் கண்ணால் பார்த்தவையாக இருக்கட்டும். பள்ளியில் வாங்கிய பேச்சுப்போட்டிக் கோப்பைக்கு அவர் சாட்சி சொல்ல முடியாது. கடைசி வரியை மட்டும் வெட்டிவிடாதீர்கள். மனமில்லாமல் ஒப்புக்கொள்பவரின் கடிதம் நாலு வரியில் முடிந்துவிடும்.

"நீயே எழுதி வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று அவர் சொல்லக்கூடும். நம் ஊரில் இது சகஜம். அப்போதும் குறிப்புகளை மட்டும் விரிவாகக் கொடுத்து, "உங்கள் சொற்களில் இருந்தால் நன்றாக இருக்கும், ஐயா" என்று பணிவாகக் கேட்கட்டும். ஒரு வாரம் முன்பு ஒரே ஒரு நினைவூட்டல் போதும். கடிதத்தை இணையவழி கேட்டால், அவருக்கு வரும் இணைப்பு ஸ்பேம் பெட்டியில் கிடக்கிறதா என்று அன்று பார்க்கச் சொல்லலாம்.

உங்கள் அண்ணனிடம் இதை நானே பேசவும் தயார்.