இன்றுதான் முதல் நாளா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சியோலில் முதுகலை படிக்கிறேன். கூடப் படிக்கும் கொரியப் பையன் ஒருவன் மூன்று மாதமாக நன்றாகப் பழகுகிறான். நேற்று இரவு மெசேஜில் ‘ஊரி ஓனுல்புதோ இரில் ஹல்கா? ㅋㅋ’ என்று அனுப்பினான். ‘இன்றிலிருந்து நமக்கு முதல் நாளா?’ என்று அர்த்தம் புரிகிறது. விளையாட்டா, நிஜமா என்பதுதான் புரியவில்லை.
ரேவதி

அன்புள்ள ரேவதி,

அங்கே காதலர்கள் நாள் எண்ணுவார்கள். சேர்ந்த நாளே 1 என்பதால் 99 நாள் கழித்து 100ஆம் நாள் வரும், அதைக் கொண்டாடுவார்கள். அந்தக் கணக்கைத் தொடங்கி வைக்கும் வாக்கியம்தான் உங்களுக்கு வந்திருப்பது. வழக்கமாக இது இரண்டாவதாக வரும். முதலில் ‘ஜோவாஹே’, அதாவது ‘உன்னைப் பிடித்திருக்கிறது’ என்று ஒருவர் சொல்ல வேண்டும். இதைக் ‘கோபேக்’ என்பார்கள். மற்றவர் சரி என்றதும் ‘அப்படியென்றால் இன்று முதல் நாள்’ என்று சிரித்துக்கொண்டே முடிப்பார்கள். உங்கள் நண்பர் முதல் படியைத் தாண்டிக் குதித்திருக்கிறார்.

நேராகக் கேட்பவர்கள் ‘சாக்விதா’ என்ற வினைச்சொல்லை எடுப்பார்கள். நம் ‘பழகு’ மாதிரி, நட்புக்கும் காதலுக்கும் பொதுவான சொல் அது. எவ்வளவு உறுதி என்பதை அதன் விகுதி காட்டிவிடும். ‘சாக்விஜா’ என்றால் ‘காதலர்களாக இருப்போம்’. கேட்பவர் முடிவெடுத்துவிட்டார், பின்வாங்க இடமில்லை. ‘நாராங் சாக்விள்ளே?’ என்பது ‘உனக்கு விருப்பமா?’ என்று உங்கள் மனதைக் கேட்பது. துணிச்சலும் பணிவும் கலந்தது, பலரும் சொல்வது இதைத்தான். ‘சாக்வில்கா?’ என்பது ‘இருந்து பார்க்கலாமா?’ என்று யோசனையாக வைப்பது. நேரில், குரல் தாழ்த்திச் சொன்னால் இதுவும் உண்மையாகவே ஒலிக்கும். எழுத்தில் மட்டும் வந்தால் ஆழம் பார்ப்பதாகவும் இருக்கலாம்.

உங்களுக்கு வந்த ‘ஹல்கா’விலும் அதே ‘கா’தான். போதாததற்குப் பின்னால் ㅋㅋ, அவர்களுடைய ‘ஹிஹி’. நீங்கள் மறுத்தால் ‘சும்மா சொன்னேன்’ என்று தப்பிக்க வழி வைத்துக்கொண்டிருக்கிறார். மூன்று மாதப் பழக்கத்துக்குப் பிறகு என்பதால் வெறும் கேலி என்று நான் நினைக்கவில்லை. பயந்த பையன்.

நாடகங்களைப் பார்த்துவிட்டு ‘சராங்ஹே’ சொல்லவில்லையே என்று ஏங்காதீர்கள். ஆரம்பத்திலேயே அதைச் சொன்னால் பலருக்குச் சுமையாக இருக்கும். முப்பதைத் தாண்டியவர்கள் என்றால் ‘ஜின்ஜிஹாகே மன்னாபோகோ சிபோயோ’ என்பார்கள். ‘சீரியஸாகச் சந்தித்துப் பழக ஆசைப்படுகிறேன்’ என்று மரியாதை விகுதியோடு வருவது அது. அதில் சிலருக்குக் கல்யாண யோசனையும் சேர்ந்திருக்கும். உங்கள் வயதுக்கு அது வராததில் குறையொன்றும் இல்லை.

நீங்கள் ‘ஜின்சிமியா?’ என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள். ‘மனதாரச் சொல்கிறாயா?’ என்று பொருள். எமோஜி எதுவும் வேண்டாம். நிஜமென்றால் ‘நேரில் பேசலாமா’ என்றோ ‘ஜோவாஹே’ என்றோ பதில் வரும். மறுபடியும் ㅋㅋ மட்டும் வந்தால், மறுநாள் வகுப்பில் அதைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள்.