முகாமில் சொட்டு மிதந்தது, லேபில் 12.9: எதை நம்புவது?

கேள்வி: மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் ரத்தம் கொடுப்பவன் நான். போன வாரம் கல்யாண மண்டபத்தில் நடந்த முகாமில் நீலத் தண்ணீரில் என் ரத்தத்தைச் சொட்டு விட்டுப் பார்த்து, மிதக்கிறது, ரத்தம் கம்மி என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் லேபில் பார்த்தால் ஹீமோகுளோபின் 12.9. மாமியாருக்கு அடுத்த வாரம் இடுப்பு ஆபரேஷன், அவருக்கு ஏற்றும் ரத்தத்துக்கு ஈடாக வீட்டார் பதில் ரத்தம் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர், ஊசி போட்டால் இரண்டே நாளில் ஏறிவிடும், இல்லாவிட்டால் ஆளே தருகிறேன் என்கிறார். என்ன செய்யலாம்? – ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: இரண்டில் லேப் சொன்னதுதான் உண்மைக்குப் பக்கம். ஆனால் அந்த 12.9-ஐ வைத்துக்கொண்டு ஓடிப்போய் ரத்தம் கொடுத்துவிடாதீர்கள். அதற்குக் காரணம் பின்னால் வருகிறது.

அந்த நீலத் தண்ணீர் மயில்துத்தக் கரைசல். வெற்றிலைக் கொடிக்காலுக்கு அடிக்கும் போர்டோ கலவையில் சேர்க்கிற அதே உப்பு, ஆய்வகத் தரத்தில். அதன் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட கனம், 1.053 இருக்கும்படி கலக்கிறார்கள். 100 மில்லிக்கு ஹீமோகுளோபின் 12.5 கிராம் உள்ள ரத்தத்தின் கனமும் ஏறக்குறைய அதுதான். நம் நாட்டில் ஆணானாலும் பெண்ணானாலும் ரத்ததானத்துக்குக் குறைந்த அளவு இந்த 12.5. சொட்டு கரைசலைத் தொட்டதும் தாமிரமும் ரத்தப் புரதமும் சேர்ந்து அதன்மேல் ஒரு தோல் கட்டுகிறது. சுமார் 15 விநாடிக்குச் சொட்டு கரையாமல் தன் கனத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது. அதற்குள் மூழ்கினால் சரி. பாதியில் நின்றாலோ மேலே வந்தாலோ ரத்தம் எடுக்க மாட்டார்கள். 15 விநாடி தாண்டிய பிறகு நடப்பதற்கு அர்த்தம் இல்லை. மிதந்த சொட்டும் கொஞ்ச நேரத்தில் கீழே போய்விடும்.

ஆக, இது எண் சொல்லும் பரிசோதனை இல்லை. கோட்டுக்கு மேலா கீழா என்று மட்டும் சொல்லும். நீங்கள் கோட்டை ஒட்டி நிற்கிறவர்.

அந்தக் கோடு முகாமில் எப்படி நகர்கிறது என்று பாருங்கள். ஒப்படர்த்தியில் 0.001 கூடினால் ஹீமோகுளோபின் கணக்கில் சுமார் அரை கிராம். கிளாஸில் 30 மில்லி கரைசல் ஊற்றி, மூடாமல், மண்டபத்து மின்விசிறிக்குக் கீழே வைத்துவிட்டார்கள் என்று வையுங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே இருக்கும். ஒன்றேகால் மில்லி தண்ணீர் போனாலே 1.053 என்பது 1.055 ஆகிவிடும். அதில் மூழ்க 13.5 கிராம் வேண்டும். 12.9 வைத்திருக்கிற உங்கள் சொட்டு மிதக்காமல் என்ன செய்யும்?

உங்கள் விரல் பக்கமும் பாருங்கள். ஆழமாகக் குத்தாமல் விரலைப் பிசைந்து எடுத்தால் திசுநீர் கலந்து சொட்டு நீர்த்துப்போகும். ஸ்பிரிட் காயும்முன் குத்தினாலும் அப்படித்தான். குழாயில் ஒரு காற்றுக்குமிழி இருந்தால் கேட்கவே வேண்டாம். சொட்டு கரைசலுக்கு ஒரு சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும். 30 மில்லிக்கு 25 பேர் ஆனதும் கரைசலை மாற்ற வேண்டும். தலைவர் பிறந்தநாளுக்கு நூறு யூனிட் கணக்குக் காட்ட வேண்டிய முகாமில் யார் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்? மூடி போட்ட பாட்டில், காலையில் கரைசலின் ஒப்படர்த்தியை ஹைட்ரோமீட்டரில் ஒருமுறை பார்ப்பது, மிதந்தவர்களுக்கு மட்டும் டிஜிட்டல் மீட்டரில் இன்னொரு சொட்டு. இவ்வளவுதான் தேவை. இதைச் செய்யாமல் 'ரத்தம் கம்மி' என்று வாயால் சொல்லி, ஒரு சீட்டுகூட எழுதாமல் அனுப்புவது என்ன முறையோ தெரியவில்லை.

தப்பு எதிர்ப்பக்கமும் நடக்கும். இது ஹீமோகுளோபினை நேரடியாக அளப்பதில்லை, ரத்தத்தின் மொத்தக் கனத்தைப் பார்க்கிறது. அந்தக் கனத்தில் பிளாஸ்மாப் புரதத்துக்கும் பங்கு உண்டு. வழக்கமாக அது 100 மில்லிக்கு 7 கிராம் அளவில் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் 1.053 வைத்திருக்கிறார்கள். மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயில் புரதம் மிக அதிகமாக ஏறும். நாள்பட்ட சில தொற்றுகளிலும் ஏறலாம். ஒருவருக்குப் புரதம் 9 கிராம் என்று வையுங்கள். கூடுதலான ஒவ்வொரு கிராம் புரதத்துக்கும் சுமார் முக்கால் கிராம் ஹீமோகுளோபின் அளவுக்குக் கனம் கூடும். அவருக்கு உண்மையில் 11.5 இருந்தாலும் சொட்டு 13 போல மூழ்கிவிடும். வெள்ளணு லட்சக்கணக்கில் ஏறிய ரத்தப் புற்றுநோயிலும் இதே ஏமாற்று. இவர்கள் முகாமுக்கு வருவது அபூர்வம்தான், ஆனாலும் சொல்லிவைக்கிறேன். 'என் சொட்டு கல் மாதிரி மூழ்கியது, எனக்கு ஒரு நோயும் இல்லை' என்று மாத்திரையை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, உங்கள் 12.9. தானத்துக்கு அது போதும். ஆனால் ஆணுக்கு 13-க்குக் கீழே போனால் உலக சுகாதார நிறுவனக் கணக்கில் அது ரத்தசோகை. சட்டப்படி கொடுக்கலாம், உடம்புப்படி ஏன் குறைந்தது என்று பார்க்க வேண்டும். ஒருமுறை 350 மில்லி கொடுத்தால் சுமார் 150 மில்லிகிராம் இரும்பு போகிறது. சாப்பாட்டிலிருந்து உடம்பு நாளுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான் உறிஞ்சும், அதிலும் ஒன்று அன்றாட இழப்புக்கே சரியாகிவிடும். ஆண்களுக்கு 90 நாள் இடைவெளி என்பது விதி, உங்கள் இரும்புச் சேமிப்பு நிரம்பிவிட்டது என்ற உத்தரவாதம் இல்லை. அந்தச் சேமிப்பு நீலத் தண்ணீருக்கும் தெரியாது, லேபின் 12.9-க்கும் தெரியாது. அதைக் காட்டும் ரத்தப் பரிசோதனைக்குப் பெயர் ஃபெரிட்டின், கேட்டுப் பாருங்கள். வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவரானால் கொக்கிப்புழுவுக்கு மலப் பரிசோதனையும் செய்யுங்கள். மூலத்தில் ரத்தம் போனால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இனி அந்த வாசல் ஆள். இரும்பை வாயால் சாப்பிட்டாலும் நரம்பில் ஏற்றினாலும் இரண்டு நாளில் ஹீமோகுளோபின் ஏறாது. எலும்பு மஜ்ஜை புதிய சிவப்பணு செய்ய வேண்டும், ஒரு கிராம் ஏறுவதற்கு இரண்டு மூன்று வாரமாவது ஆகும். நரம்பில் போடும் இரும்பில் சிலருக்கு ஒவ்வாமை மூச்சை முட்டவைக்கும், மருத்துவமனைக்குள் போட வேண்டிய மருந்து அது. 'ஆளே தருகிறேன்' என்பது இதைவிட மோசம். காசுக்கு ரத்தம் கொடுப்பதை உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறார்கள். காசு வாங்கி வருகிறவன் போன மாதம் எங்கே கொடுத்தான், என்ன நோய் என்று உண்மை சொல்ல மாட்டான். அவன் சொட்டும் மூழ்கத்தான் செய்யும். மூழ்கும் சொட்டுக்கு மஞ்சள்காமாலைக் கிருமி தெரியாது. அச்சடித்த '13.5' ரிப்போர்ட்டையும் அவர்களே விற்பார்கள். அது வீண் செலவு, ரத்த மையம் தானே பரிசோதித்துத்தான் ஊசி குத்தும்.

பதில் ரத்தம் கேட்பதும் எனக்குப் புரியாத ஒன்று. அந்த முறையைப் படிப்படியாக ஒழிப்பதாக 2002 தேசிய ரத்தக் கொள்கையிலேயே எழுதியிருக்கிறது. இன்னும் நோயாளி வீட்டாரைத்தான் அலைய விடுகிறார்கள், புரோக்கர் பிழைப்பதும் அதில்தான். நாளையே ரத்த மையத்துக்குப் போய், அறுவை நாளையும் மாமியாரின் ரத்த வகையையும் சொல்லி, எத்தனை யூனிட் ஒதுக்கிவைக்க வேண்டும் என்று டாக்டர் எழுதிய சீட்டைக் கொடுங்கள். ரத்தத்துக்கு விலை கிடையாது, பரிசோதனை, பதப்படுத்தும் கட்டணம் மட்டும்தான், ரசீது வாங்குங்கள். பதிலுக்கு ஆள் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் உங்களுக்குப் பதில் ஒரு நண்பரை அழைத்துப் போங்கள். எந்த வகை ரத்தம் உள்ளவரானாலும் பதிலுக்குக் கொடுக்கலாம்.

நீங்கள் ஃபெரிட்டின் பார்த்து, குறைவென்றால் இரும்பு மாத்திரையை டாக்டர் சொன்ன அளவில் மூன்று மாதம் சாப்பிட்டு, மீண்டும் எண் பார்த்த பிறகு கொடுங்கள். அதற்கப்புறமும் வருடத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம்.