ஜிஎஸ்டி வரியைப் பிடித்துப் போனால் கார்டின் முழுச் செலவும் தெரியும்

கேள்வி: வருஷத்துக்கு 1,000 ரூபாய்தான் கட்டணம் என்று சொல்லி கிரெடிட் கார்டு கொடுத்தார்கள். ஆனால் மாதாமாதம் வட்டி, ஜிஎஸ்டி, இன்னும் என்னென்னவோ ஏறுகிறது. ஸ்டேட்மென்ட்டுகளை வைத்து ஒரு வருஷத்தில் மொத்தம் எவ்வளவு போனது என்று எப்படிக் கணக்குப் போடுவது?

பதில்:

இதற்கு 12 ஸ்டேட்மென்ட் போதாது, 13 வேண்டும். பல வங்கிகள் ஒரு மாதம் போட்ட வட்டிக்கும் கட்டணத்துக்கும் உரிய ஜிஎஸ்டியை அடுத்த மாத ஸ்டேட்மென்ட்டில்தான் ஏற்றுகின்றன. ஏப்ரல் முதல் மார்ச் வரை பார்க்கிறீர்கள் என்றால், மார்ச்சில் விழுந்த வட்டியின் வரி அடுத்த ஏப்ரலில் உட்கார்ந்திருக்கும். 13வது ஸ்டேட்மென்ட்டில் அந்த வரியை மட்டும் எடுங்கள். முதல் ஏப்ரலில் இருக்கும் வரி போன வருஷத்துப் பாக்கி என்றால் அதை விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆகவே இறக்கிக்கொண்டு, எக்செல்லில் கடைச் செலவும் நீங்கள் கட்டிய பணமும் இல்லாத பதிவுகளை மட்டும் ஏற்றுங்கள். A பத்தியில் ஸ்டேட்மென்ட் தேதி, B-யில் பரிவர்த்தனை தேதி, C-யில் அங்கே அச்சாகியிருக்கும் விவரம் அப்படியே, D-யில் தொகை. E பத்தியில் FEE, INT, GST, CASHBACK என்ற நான்கில் ஒன்று. வங்கி ஏதாவது கட்டணத்தைத் திருப்பித் தந்திருந்தால் புதுப் பெயர் வைக்காமல், அதே FEE-யில் மைனஸ் தொகையாகப் போடுங்கள். ஜிஎஸ்டி சில கார்டுகளில் ஐஜிஎஸ்டி என்று ஒரே வரியாகவும், சிலவற்றில் சிஜிஎஸ்டி 9, எஸ்ஜிஎஸ்டி 9 என்று இரண்டாகவும் வரும். இரண்டாக வந்தால் இரண்டையும் ஏற்ற வேண்டும். ஒன்றை விட்டுவிடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு.

```
=SUMIFS(D:D,E:E,"FEE")
=SUMIFS(D:D,E:E,"INT")
=SUMIFS(D:D,E:E,"GST")
```

இனி ஒரு கார்டை வைத்தே பார்ப்போம். ஆண்டுக் கட்டணம் 1,000, வட்டி மாதம் 3.6 சதவீதம், அதாவது வருஷத்துக்கு 43.2. ஸ்டேட்மென்ட் ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி, கெடு அதிலிருந்து 20 நாள்.

மே 20 அன்று 30,000 ரூபாய்க்கு ஒரு பொருள் வாங்கியாகிறது. ஜூன் 14 ஸ்டேட்மென்ட்டில் அது வருகிறது, கெடு ஜூலை 4. அன்று 5,000 மட்டும் கட்டுகிறார்கள். குறைந்தபட்சத் தொகையை அது தாண்டிவிட்டதால் தாமதக் கட்டணம் கிடையாது. ஆனால் முழுத்தொகை கட்டாததால் வட்டியில்லாக் காலம் போய்விட்டது. வட்டி ஜூலை 4லிருந்து ஓடாது, பொருள் வாங்கிய மே 20லிருந்தே ஓடும். மே 20 முதல் ஜூலை 3 வரை 45 நாளுக்கு 30,000த்தின் மேல் 1,597.81. ஜூலை 4 முதல் 14 வரை 11 நாளுக்கு மிச்சம் 25,000த்தின் மேல் 325.48. ஆக ஜூலை 14 ஸ்டேட்மென்ட்டில் வட்டி 1,923.29, கட்ட வேண்டிய மொத்தம் 26,923.29.

ஆகஸ்ட் 3 அன்று அந்த முழுத்தொகையும் கட்டியாயிற்று. கடன் தீர்ந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆகஸ்ட் 14 ஸ்டேட்மென்ட்டில் 908.38 வந்து நிற்கும். ஜூலை 15 முதல் ஆகஸ்ட் 2 வரை 19 நாள் 25,000 பாக்கி இருந்ததே, அதற்கான வட்டி 562.19; போன மாத வட்டிக்கான ஜிஎஸ்டி 346.19. செப்டம்பரில் மறுபடி 101.19 வரும், இது அந்த 562.19க்கான ஜிஎஸ்டி. வாடிக்கையாளர் சேவையில் சண்டை போடுகிறவர்களில் பலரும் இந்த வாலைப் பார்த்துத்தான் போடுகிறார்கள். வங்கி போட்டது சரியாகத்தான் இருக்கும். கணக்குப் போடும்போது இந்த இரண்டு மாதத்தையும் "செலவே இல்லாத மாதம்" என்று தாண்டிவிடாமல் இருந்தால் போதும். இந்த ஒரு வாங்கலுக்கு வட்டி 2,485.48, வரி 447.38.

இதே கார்டில் வேறு நான்கு விஷயங்களும் நடந்தன. ஆண்டுக் கட்டணம் 1,000, வரி 180. அக்டோபர் 3 அன்று ஏடிஎம்மில் 4,000 எடுத்தது. அதற்குக் கட்டணம் 500, வரி 90. ஏடிஎம் பணத்துக்கு வட்டியில்லா நாளே கிடையாது என்பதால் அக்டோபர் 31 அன்று கட்டும்வரை 28 நாளுக்கு வட்டி 132.56, அதற்கு வரி 23.86. நாலாயிரத்தை நாலு வாரம் புரட்ட 746 ரூபாய். 24,000 ரூபாய்ச் சாமான் ஒன்றை 16 சதவீத வட்டியில் 6 மாத இஎம்ஐ ஆக்கியது. செயலாக்கக் கட்டணம் 199, வரி 35.82, ஆறு மாத வட்டி 1,132.36, வரி 203.82. இஎம்ஐ பதிவுகளில் அசலும் வட்டியும் தனித்தனியாக இருக்கும், வட்டியை மட்டும் எடுங்கள். நோ காஸ்ட் இஎம்ஐ என்றாலும் அந்த வட்டிக்கு ஜிஎஸ்டி உண்டு. கடைக்காரர் தள்ளுபடியாகத் தருவது வட்டியை மட்டும்தான்.

நான்காவது, ஒரு வெளிநாட்டுத் தளத்தில் 12,000 ரூபாய் அளவுக்கு வாங்கியது. இதற்கான கட்டணத்தை ஸ்டேட்மென்ட்டில் தேடினால் பல கார்டுகளில் கிடைக்காது. டாலரை ரூபாயாக மாற்றிய தொகைக்குள்ளேயே மார்க்கப் என்ற 3.5 சதவீதக் கட்டணத்தைச் சேர்த்து, ஒரே தொகையாகக் காட்டிவிடுவார்கள். வெளியே தெரிவது 75.60 என்ற ஒரு ஜிஎஸ்டி வரி மட்டும்.

கட்டணத்தை வேறு தொகைக்குள் புதைக்கலாம், அதன் ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டித்தான் ஆக வேண்டியிருக்கிறது. கார்டின் கட்டணத்துக்கும் வட்டிக்கும் ஒரே விகிதம், 18 சதவீதம். வீட்டுக் கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி இல்லை, கார்டு வட்டிக்கு உண்டு. அதனால் வருஷத்து வரியை 0.18ஆல் வகுத்தால், வங்கி உண்மையில் உங்களிடம் எடுத்த கட்டணமும் வட்டியும் சேர்ந்த தொகை வந்துவிடும்.

```
=SUMIFS(D:D,E:E,"GST")/0.18
```

இந்தக் கார்டின் வருஷ வரி 1,056.48. வகுத்தால் 5,869.33. கண்ணில் பட்டு நாம் ஏற்றியவை கட்டணம் 1,699, வட்டி 3,750.40, கூட்டினால் 5,449.40. இடைவெளி 419.93. அதுதான் ஒளிந்திருந்த மார்க்கப் 420, ஏழு பைசா தசமத் திருத்தத்தில் போனது. இதை FEE-யில் கையால் ஒரு பதிவாகச் சேர்த்துவிடுங்கள். கூடவே மார்க்கப் சேராத 12,000 என்ற தொகையின் 3.5 சதவீதமும் 420தானா என்று பார்த்துக்கொண்டால் சந்தேகம் இல்லை.

இடைவெளி எப்போதும் மார்க்கப்தான் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பெட்ரோல் பங்கில் 1 சதவீத சர்சார்ஜ் போட்டுத் திருப்பித் தருவார்கள், அதன் ஜிஎஸ்டியைத் தர மாட்டார்கள். தாமதக் கட்டணத்தைப் பேசித் திரும்ப வாங்கியவர்களுக்கும் சில சமயம் கட்டணம் மட்டும் வந்து வரி நின்றுவிடும். அப்போது FEE-யில் கூட்டியும் கழித்தும் பூஜ்யம் ஆகியிருக்க, வரி மட்டும் மிஞ்சி இடைவெளியாகத் தெரியும். 750 ரூபாய்க் கட்டணம் திரும்பியும் அதன் 135 ரூபாய் வரி திரும்பவில்லை என்றால் இடைவெளி சரியாக 750 காட்டும், அதை வைத்தே ஆளைப் பிடித்துவிடலாம். மாறாக, வகுத்து வரும் தொகை நீங்கள் ஏற்றியதைவிடக் குறைந்தால், ஒரு ஜிஎஸ்டி வரியை விட்டிருக்கிறீர்கள் அல்லது 13வது ஸ்டேட்மென்ட்டை மறந்துவிட்டீர்கள்.

மொத்தம்: கட்டணம் 2,119, வட்டி 3,750, வரி 1,056, ஆக 6,926 ரூபாய். கார்டு கொடுத்தவர் சொன்னது 1,000. வருஷத்தில் கணக்கில் வரவு வைக்கப்பட்ட கேஷ்பேக் 2,340 இருந்தால் கழித்து 4,586 என்று வைக்கலாம். ரிவார்டு புள்ளிகளைக் கழிக்காதீர்கள். பணமாகவோ வவுச்சராகவோ மாற்றிய பிறகுதான் அதற்கு மதிப்பு. மாற்றுவதற்கும் சில வங்கிகள் 99 ரூபாயும் வரியும் எடுக்கின்றன. கடையில் கார்டுக்கென்று 2 சதவீதம் கூட்டி வாங்கியது, டிக்கெட் தளத்தின் வசதிக் கட்டணம் போன்றவை இந்தக் கணக்கில் வராது, அவை வாங்கிய தொகைக்குள் கலந்துவிட்டன. அடிக்கடி அப்படிக் கொடுப்பவர் பில்களிலிருந்து தனியாக எடுத்தால்தான் உண்டு.

மொத்தத்தைவிட முக்கியமான ஒரு எண் இன்னும் இருக்கிறது. மாதம் 3.6 என்பது வரியோடு 4.25 ஆகும் என்று பலரும் நிறுத்திக்கொள்வார்கள். மேலே பார்த்த 30,000 ரூபாய் வாங்கலில், ஜூலை 4 வரைக்கும் அந்தப் பணம் எப்படியும் வட்டியில்லாமல் கிடைத்திருக்கும். 5,000 மட்டும் கட்டியதால் கூடுதலாகக் கிடைத்த கடன் 25,000 ரூபாய், ஜூலை 4லிருந்து 30 நாளுக்கு. அதற்குக் கொடுத்தது வட்டியும் வரியுமாக 2,932.86. மாதத்துக்கு 11.7 சதவீதம். பாக்கி வைத்த முதல் மாதம் மட்டும் இவ்வளவு கொடுமையாக இருப்பதற்குக் காரணம், பின்னோக்கிப் போய்ப் பிடித்த அந்த 45 நாள். தொடர்ந்து பாக்கி வைத்துக்கொண்டே போனால் விகிதம் 4.25ஐ நோக்கி இறங்கும், ஆனால் புதிதாக வாங்கும் ஒவ்வொன்றுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

வட்டியைச் சரிபார்க்க, பாக்கித் தொகை × நாள் × 0.432 ÷ 365 என்று நீங்களே போட்டுப் பாருங்கள். ஸ்டேட்மென்ட்டில் கூடுதலாக இருந்தால், கட்டாத கட்டணத்தையும் வரியையும் அசலோடு சேர்த்து அதன் மேலும் வட்டி போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் கிரெடிட் கார்டு விதிமுறைகள் அதைத் தடுக்கின்றன. அப்படி இருந்தால் ஸ்டேட்மென்ட் தேதி, உங்கள் கணக்கு, அவர்கள் போட்டது, வித்தியாசம் என்ற நான்கையும் வைத்து வங்கிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ cms.rbi.org.in தளத்தில் ஆம்பட்ஸ்மனிடம் புகார் வைக்கலாம். அதோடு இணைக்க இந்த எக்செல்லே போதும்.