முதலில் லிப்ட்டை அளந்து பாருங்கள்

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது, எடை 72 கிலோ. முழங்கால் தேய்மானத்தால் கைத்தடியோடு 40 மீட்டருக்கு மேல் நடக்க முடியவில்லை. எழுந்து உட்கார யாருடைய உதவியும் வேண்டாம். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி, லிப்ட் உண்டு. தினமும் பூங்காவுக்குப் போய்வர 4 கி.மீ. ஆகும். வாரம் ஒருமுறை காரில் ஏற்றிக்கொண்டு போகவேண்டும். நடக்க முடியாதவர்கள் உட்கார்ந்து ஓட்டும் சிறிய மின்சார ஸ்கூட்டர்கள் இரண்டு பார்த்து வைத்திருக்கிறோம். மூன்று சக்கர வண்டி 16 கி.மீ. ஓடுமாம், நீளம் 101 செ.மீ., திரும்பும் ஆரம் 82 செ.மீ., மொத்தம் 42 கிலோ. நான்கு சக்கர வண்டி 25 கி.மீ. ஓடுமாம், நீளம் 120, ஆரம் 125, மொத்தம் 52 கிலோ. எதை வாங்கலாம்?

பதில்: நீங்கள் சொன்ன அளவுகளை வைத்துப் பார்த்தால் மூன்று சக்கர வண்டிதான் பொருத்தம். பூங்காவுக்குப் போகும் வழி பெரும்பாலும் சமதளமாக இருக்கவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ஓடும் தூரத்தை வைத்துத்தான் பலரும் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் வாங்கிய வண்டி மூலையில் முடங்குவது அநேகமாகத் தூரம் போதாமல் அல்ல. லிப்ட் வாசலில் திருப்ப முடியாமல், அல்லது காரில் தூக்கி வைக்க ஆளில்லாமல்தான்.

திரும்பும் அளவில் ஒரு குழப்பம் உண்டு, அதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். ஆரம் என்பது வட்டத்தில் பாதிதான். 82 செ.மீ. ஆரம் என்றால், பின்னால் நகராமல் ஒரே வீச்சில் முழுதாகத் திரும்பச் சுவருக்குச் சுவர் 164 செ.மீ. வேண்டும். 125 என்றால் 250 செ.மீ. சில விளம்பரத் தாள்களில் ஆரத்தைப் போடுவார்கள், சிலவற்றில் முழு வட்டத்தைப் போடுவார்கள். இரண்டு வண்டிகளை ஒப்பிடும்போது எந்த அளவு என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

இனி உங்கள் மாடியில் லிப்ட்டுக்கு முன்னால் இருக்கும் இடத்தை அளந்து பாருங்கள். 150 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று சக்கர வண்டிக்கு 14 செ.மீ.தான் குறைகிறது, திரும்பும்போது ஒருமுறை பின்னால் எடுத்தால் வேலை முடிந்தது. நான்கு சக்கர வண்டிக்கு ஒரு மீட்டர் குறைகிறது. முன்னே பின்னே என்று பல முறை ஆட்டித்தான் திருப்பவேண்டும். இளவயதுக்காரருக்கு இது வெறும் எரிச்சல். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடியாத ஒருவருக்கோ, ஒவ்வொரு முறையும் சுவரில் மோதும் வாய்ப்பு.

லிப்ட்டுக்குள் எந்த வண்டியும் திரும்பாது. உள்ளளவு 110 அகலம், 140 ஆழம் என்றால் இரண்டு வண்டிகளுமே நேராக நுழைந்துவிடும், 120 செ.மீ. வண்டிக்குப் பின்னால் 20 செ.மீ. மிஞ்சும், கூட வருபவர் பக்கவாட்டில் ஒதுங்கித்தான் நிற்கவேண்டும். கதவு அந்தப் பக்கமும் திறக்கும் லிப்ட்டாக இல்லாவிட்டால், உள்ளே போகும்போதோ வெளியே வரும்போதோ ஒருமுறை பின்னோக்கித்தான் ஓட்டியாக வேண்டும். வெளியே இடம் இருந்தால் அங்கேயே திருப்பிக்கொண்டு, பின்பக்கமாக உள்ளே போவது நல்லது. அப்படிச் செய்தால் கதவு திறக்கும்போது எதிரில் யார் நிற்கிறார்கள் என்று அம்மாவுக்குத் தெரியும். ஹேண்டிலில் ஆமை, முயல் படம் போட்ட வேகக் குமிழ் இருக்கும். லிப்ட் பக்கம் வந்ததும் அது ஆமைக்குப் போய்விடவேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

கடையில் திறந்த வெளியில் ஓட்டிப் பார்ப்பதால் இது எதுவும் தெரியாது. லிப்ட்டின் உள்ளளவை ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு போய், கடைத் தரையில் சாக்பீஸால் அதே அளவுக்கு ஒரு பெட்டி வரையுங்கள். பக்கத்திலேயே உங்கள் வாசல் நடைபாதையின் அகலத்துக்கு இரண்டு கோடுகள் போடுங்கள். அம்மாவே ஏறி, கோட்டை மிதிக்காமல் உள்ளே போய் வெளியே வரட்டும். வேறு எந்தச் சோதனையும் இதற்கு ஈடாகாது.

காரில் ஏற்றுவதற்கு வருவோம். 42 கிலோ, 52 கிலோ என்ற மொத்த எடை இங்கே பெரிதாக உதவாது. இந்த வகை வண்டிகளைக் கருவியில்லாமலே கழற்றலாம்: முதலில் இருக்கை, அடுத்து பேட்டரிப் பெட்டி, கடைசியில் கொக்கியை விடுவித்தால் முன்பாதியும் பின்பாதியும் பிரியும். நீங்கள் கேட்கவேண்டியது, கழற்றிய துண்டுகளில் எது அதிக எடை என்பதை. பெரும்பாலும் அது மோட்டாரும் பின்சக்கரங்களும் சேர்ந்த பின்பாதி. இதுபோன்ற சிறிய வண்டியில் 15 கிலோ அளவில் இருக்கும். எடையைவிடச் சங்கடம் அதன் வடிவம்தான், பிடிக்க வாகான இடம் இருக்காது. டிக்கியின் விளிம்பு உயரம்வரை தூக்கி, அதைத் தாண்டி உள்ளே இறக்கவேண்டும். யார் வாரா வாரம் தூக்கப்போகிறாரோ அவரே கடையில் இரண்டு முறை கழற்றி, காரில் வைத்து, மறுபடி பூட்டிப் பார்க்கட்டும். முதல் முறை எல்லோருக்கும் முடியும், இரண்டாவது முறைதான் உண்மை தெரியும்.

பொத்தானை அழுத்தினால் தானே மடியும் லித்தியம் பேட்டரி வண்டிகளும் உண்டு, கடைக்காரர் அதையும் காட்டக்கூடும். மடிவது அழகாகத்தான் இருக்கும். ஆனால் மடிந்ததை ஒரே பொருளாகத் தூக்கவேண்டும், 25 கிலோ அளவுக்குப் போய்விடும். துண்டு துண்டாகக் கழற்றும் வண்டிதான் தனி ஆளுக்குச் சுலபம். மடியும் வண்டி இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு.

தூரக் கணக்கு எளிது. 16 கி.மீ. என்பது புது பேட்டரி, சமதளம், நிற்காமல் ஒரே சீரான ஓட்டம் என்ற நிலையில் கிடைப்பது. நின்று நின்று போவது, மேடு, கரடான தரை, பேட்டரிக்கு வயதாவது எல்லாம் சேர்ந்தால் அதில் பாதியை நம்பலாம். அதாவது 8 கி.மீ. அம்மாவுக்குத் தேவை 4. போதும், மிச்சமும் இருக்கிறது. 25 கி.மீ. வண்டிக்காகக் கூடுதல் 10 கிலோவையும் அந்தப் பெரிய வட்டத்தையும் சுமக்கவேண்டிய அவசியமில்லை.

பேட்டரி அளவுகாட்டியைப் படிப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நிற்கும்போது முழுதாகக் காட்டும் முள், மேடு ஏறும்போது சட்டென்று கீழே இறங்கும், மேட்டைத் தாண்டியதும் மறுபடி எழும். மோட்டார் அதிக மின்சாரத்தை இழுக்கும்போது பேட்டரியின் வோல்டேஜ் தற்காலிகமாகத் தாழ்வதுதான் காரணம். சமதளத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது காட்டுவதை நம்புங்கள், நிற்கும்போது காட்டுவதை அல்ல. முன்பெல்லாம் பூங்காவுக்குப் போய்வந்தபின் பாதிக்கு மேல் காட்டிய முள் இப்போது சிவப்புக்கு அருகில் வருகிறதென்றால் பேட்டரி மாற்றும் காலம் வந்துவிட்டது. ஈய அமில பேட்டரியாக இருந்தால் தினமும் வீடு திரும்பியதும் சார்ஜில் போட்டுவிடுங்கள். தீரட்டும் என்று காத்திருப்பதுதான் அதைக் கெடுக்கிறது. ஊருக்குப் போவதானால் முழுதாக சார்ஜ் ஏற்றி வைத்துவிட்டுப் போகவேண்டும்.

பாதுகாப்பில்தான் மூன்று சக்கரத்துக்கு ஒரு குறை இருக்கிறது. முன்னால் ஒரே சக்கரம் என்பதால், வேகமாக வளைத்தாலோ சரிவில் குறுக்காகத் திருப்பினாலோ வெளிப்பக்கம் சாயும். நடைபாதை விளிம்பில் ஒரு பின்சக்கரம் மட்டும் இறங்கினாலும் இதே கதை. ஆகவே மூன்று விதிகள் அம்மாவுக்குப் பழக்கமாகவேண்டும்: வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பது, சரிவில் நேராக ஏறி நேராக இறங்குவது, திரும்புவதைச் சமதளத்துக்கு வந்தபிறகு செய்வது. நான்கு சக்கரத்துக்கும் இதிலிருந்து முழு விலக்கு கிடையாது, அது சற்றே அதிகம் பொறுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

பூங்கா வழியில் உள்ள சரிவை நீங்களே அளக்கலாம். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான கட்டையைச் சரிவில் மேல்நோக்கி வைத்து, ரசமட்டத்தால் படுக்கையாக்கி, சரிவின் கீழ்ப்பக்கம் உள்ள முனைக்கும் தரைக்கும் உள்ள உயரத்தைப் பாருங்கள். சக்கர நாற்காலிக்கென்று முறையாகக் கட்டிய 12-க்கு 1 சாய்தளத்தில் அது 8 செ.மீ.யைச் சற்றுத் தாண்டும். வண்டித் தாளில் 6 டிகிரி ஏறும் என்று போட்டிருந்தால் எல்லை 10.5 செ.மீ. டிகிரியும் சதவீதமும் ஒன்றல்ல. 6 டிகிரி என்பது ஏறத்தாழ 10.5 சதவீதம். உங்கள் வழியில் எங்காவது 10 செ.மீ.யைத் தாண்டினாலோ, குண்டும் குழியுமாக இருந்தாலோ, இந்த மூன்று சக்கர வண்டி வேண்டாம். ஆரம் குறைவான நான்கு சக்கர வண்டியைத் தேடுங்கள், பட்டியலில் இருப்பதை அல்ல.

பிரேக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது நாம் அறிந்த வண்டிகளுக்கு நேர்மாறு. பெருவிரலால் லீவரை அழுத்தினால் ஓடும், விட்டால் மோட்டார் வேகத்தைக் குறைக்க, பிறகு மின்காந்த பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். பயந்தால் கை இறுகுவது மனித இயல்பு. இங்கே இறுகினால் வண்டி பாயும். முதல் வாரம் பக்கத்தில் நடந்துகொண்டே எதிர்பாராத நேரத்தில் "விடு" என்று சொல்லிப் பழக்குங்கள். பிரேக் பிடி என்று சொல்லாதீர்கள். விரல்களில் வாத வலி இருந்தால், லீவரை அரை மணி நேரம் அழுத்திக்கொண்டிருக்க முடிகிறதா என்பதையும் கடையிலேயே பார்த்துவிடவேண்டும்.

எழும்போதும் உட்காரும்போதும் சாவியைத் திருப்பி அணைப்பது கட்டாயம். சேலைத் தலைப்போ கைப்பையோ லீவரில் பட்டாலே வண்டி நகர்ந்துவிடும், ஒரு கால் தரையிலும் ஒரு கால் மேடையிலும் இருக்கும் அந்த நொடியில்தான் விழுவது நடக்கிறது. இருக்கையைப் பக்கவாட்டில் திருப்பி, அது கிளிக் என்று பூட்டிய பிறகு இறங்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, பின்சக்கரத்தின் அருகில் வண்டியைத் தள்ளிச் செல்வதற்கான ஒரு லீவர் இருக்கும். அதை விடுவித்தால் மோட்டாரும் பிரேக்கும் இரண்டுமே விலகிவிடும். வாங்கும்போது கடைக்காரரிடம் அதைக் காட்டச் சொல்லி, ஓட்டும் நிலை எது என்று பளிச்சென்ற வண்ணத்தில் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். அம்மா உட்கார்ந்திருக்கும்போதோ சரிவில் நிற்கும்போதோ அந்த லீவரை யாரும் தொடக்கூடாது.