செங்கல்பட்டு லோக்கல்ல தினமும் போற தோழிக்கு என்ன கிஃப்ட் வாங்கலாம்?

"அண்ணா, என் ஃப்ரெண்ட் செங்கல்பட்டுல இருந்து கிண்டிக்கு தினமும் ட்ரெயின்ல வந்து, அங்க இருந்து பஸ் பிடிச்சு ஆபீஸ் போறா, ஒரு வழிக்கே ரெண்டு மணி நேரம் ஆகுது. அடுத்த வாரம் அவளுக்கு பர்த்டே. 1500 ரூபாய்க்குள்ள, பேக்ல இடத்த அடைக்காம, நிஜமா யூஸ் ஆகுற மாதிரி ஏதாவது சொல்லுங்க. நெக் பில்லோ, நல்ல வாட்டர் பாட்டில் ரெண்டும் யோசிச்சு வச்சிருக்கேன்."

நெக் பில்லோ வேணாம்மா. அது ஃப்ளைட்டுக்கும் ஆம்னி பஸ்ஸுக்கும் சரி, லோக்கல் ட்ரெயின் சீட்ல தலை சாய்க்க இடமே கிடையாது, முதுகு வரைக்கும்தான் இருக்கும். காத்து ஊதுற டைப்பா இருந்தாலும் கூடுவாஞ்சேரி தாண்டி கூட்டத்துக்குள்ள உக்காந்து அத ஊதிட்டு இருக்க முடியுமா சொல்லுங்க.

வாட்டர் பாட்டில் கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒரு விஷயம் இருக்கு, லோக்கல் ட்ரெயின்ல டாய்லெட் கிடையாது. அதனாலயே ரொம்ப தூரம் போற லேடீஸ் நிறைய பேர் காலைல தண்ணியே குடிக்காம கிளம்புறாங்க. அது சரின்னு சொல்லல, ஆனா நீங்க குடுக்குற ஒரு லிட்டர் பாட்டில் ரொப்பினா ஒரு கிலோவுக்கு மேல வெயிட், அத குடிக்காமலே சுமந்துட்டு போய் திரும்ப கொண்டு வருவாங்க.

நான் இதே லைன்ல பன்னெண்டு வருஷம் போய் வந்தவன், இப்ப மொபைல் ஆக்சசரீஸ் கடை வச்சிருக்கேன். உங்க ஃப்ரெண்டோட நாள யோசிச்சு பாருங்க. காலைல செங்கல்பட்டுலயே ஏறுறதால சீட் கிடைச்சிரும், போன் பாத்துட்டே வரலாம். சாயங்காலம் கிண்டில ஏறும்போது வண்டி ஏற்கனவே பீச் ஸ்டேஷன்ல இருந்து ரொம்பி வந்திருக்கும், தாம்பரம் வரைக்கும் ஒரு கைல கம்பிய பிடிச்சிட்டு நின்னுதான் ஆகணும். அந்த நேரத்துலதான் போன் சார்ஜும் 15, 20 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும். சீசன் டிக்கெட் ஆப்ல எடுத்திருந்தா இன்னும் வம்பு, போன் ஆஃப் ஆயிட்டா டிடிஇ கேக்கும்போது காட்ட டிக்கெட்டே இல்ல. அதனால என் ஓட்டு ஒரு பவர் பேங்க், கூடவே ஒரு குட்டை கேபிள். வாங்குறதுக்கு முன்னாடி சிலத பாத்துக்கோங்க, இங்கதான் எல்லாரும் ஏமாறுறாங்க.

10000 எம்ஏஎச் போதும், 20000 வேணாம். பத்தாயிரம்னா சுமாரா 200, 230 கிராம் இருக்கும், ஹேண்ட்பேக்ல தெரியாது. இருபதாயிரம்னா 400 கிராம் பக்கம் வந்துரும், ரெண்டாவது வாரமே அத வீட்டுல விட்டுட்டு போயிருவாங்க. இதுலயே ஒரு டெஸ்ட்டும் இருக்கு, 20000னு போட்டு கைல எடுத்தா பத்தாயிரம் வெயிட்டுதான் இருக்குன்னா அது டூப்பு, உள்ள அவ்ளோ செல் இருக்க வாய்ப்பே இல்ல. நானே கடை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு ரோட்டோர கடைல அப்படி ஒன்னு வாங்கி, போன் பாதி கூட ஏறாம அசடு வழிஞ்சிருக்கேன்.

அடுத்தது, பத்தாயிரம்னா அஞ்சாயிரம் எம்ஏஎச் போன ரெண்டு தடவ ஃபுல் பண்ணும்னு நினைக்காதீங்க. அந்த பத்தாயிரம்கிறது உள்ள இருக்குற செல்லோட கணக்கு, செல் 3.7 வோல்ட், வெளிய போறது 5 வோல்ட். பத்தாயிரம் எம்ஏஎச்னா 10 ஆம்பியர்-அவர், அத 3.7ஆல பெருக்குனா 37 வாட்-அவர், அத 5 வோல்ட்டுக்கு மாத்தினா 7400 எம்ஏஎச்தான் வருது, அப்படி மாத்தும்போது சூடா போறது வேற, கடைசில கைக்கு வர்றது 6000 பக்கம். டப்பா பின்னாடி பொடி எழுத்துல ரேட்டட் கெபாசிட்டின்னு போட்டிருப்பாங்க, அது 5500ல இருந்து 6500க்குள்ள இருந்தா நேர்மையான கம்பெனி. அந்த வரியே இல்லன்னா டப்பாவ கீழ வச்சிருங்க. போன்ல கணக்கு பாத்தா ஒரு ஃபுல் சார்ஜ், அதுக்கு மேல பாதிக்கு கொஞ்சம் கம்மியோ கூடவோ கிடைக்கும். உங்க ஃப்ரெண்டுக்கு சாயங்காலம் 20ல இருந்து 80 வரைக்கும் ஏத்துனா போதும், அப்ப ரெண்டு நாளைக்கு ஒரு தடவ பவர் பேங்க சார்ஜ் போட்டா ஓடிரும்.

பிஐஎஸ்ங்கிற கவர்ன்மென்ட் தர முத்திரைய கட்டாயம் பாருங்க, பவர் பேங்க்னா அதுல ஆர்னு ஆரம்பிச்சு எட்டு இலக்க நம்பர் இருக்கணும். பிஐஎஸ் கேர்னு கவர்ன்மென்ட் ஆப் இருக்கு, அதுல அந்த நம்பர அடிச்சா எந்த கம்பெனி, எந்த பொருளுக்கு வாங்கினதுன்னு காட்டும். சிலர் சார்ஜருக்கு வாங்கின நம்பர பவர் பேங்க்ல அச்சடிச்சிருப்பாங்க, அதனால பொருள் பேரையும் சேத்து பாக்கணும். நெருக்குற கூட்டத்துல உடம்போட ஒட்டியிருக்குற பேக்குக்குள்ள இருக்கப்போற லித்தியம் பேட்டரி, இதுல நூறு இருநூறு மிச்சம் பிடிக்காதீங்க.

கேபிள் விஷயம் யாரும் சொல்ல மாட்டாங்க. பாக்ஸோட வர்ற கேபிளோ வீட்டு சார்ஜர் கேபிளோ, ஒரு மீட்டர் இருந்தா பக்கத்துல நிக்கிறவங்க பேக் கொக்கில மாட்டி இழுக்கும், போன் கீழ போகும். ஒரு அடிக்குள்ள இருக்குற கேபிளா, போன்ல சொருகுற முனை எல் மாதிரி மடங்கினதா வாங்குங்க. அப்பதான் போனையும் பவர் பேங்கையும் சேத்து ஒரே கைல பிடிக்க முடியும், படம் பாக்க போன படுக்க வச்சாலும் முனை உள்ளங்கைல குத்தாது. கடைக்கு போறதுக்கு முன்னாடி அவங்க போன் டைப் சி தானான்னு நைசா பாத்துக்கோங்க, ஐபோன்ல 15க்கு முந்தினதுன்னா வேற முனை. முதுகுல ஒட்டுற மேக்னெட் டைப் பாக்க அழகா இருக்கும், ஆனா நிறைய ஆண்ட்ராய்ட் போன்ல அது ஒட்டாது, சார்ஜும் மெதுவாத்தான் ஏறும், சூடும் ஜாஸ்தி.

பவர் பேங்க் ஆயிரம், ஆயிரத்து நூறுக்குள்ள முடிஞ்சிரும், கேபிள் ஒரு 200. மிச்சத்துக்கு போன் கவர்ல மாட்டுற மணிக்கட்டு கயிறு ஒன்னு வாங்குங்க, கதவு பக்கம் நிக்கிறப்ப போன் கைய விட்டு நழுவினா தண்டவாளத்துக்குதான் போகும். இயர்பட்ஸ் மட்டும் வேணாம், ஒரு காதுல இருந்து கழண்டு விழுந்தா அந்த கூட்டத்துல தேடவே முடியாது, ஹெட்செட்தான் குடுக்கணும்னு ஆசைன்னா கழுத்துல மாட்டுற நெக்பேண்ட் பரவால்ல. இல்ல பர்த்டே ஐப்பசி கார்த்திகைல வருதுன்னா மூணு மடிப்பு குடை யோசிக்கலாம், ஆனா அதோட வர்ற துணி உறைல தண்ணி நிக்காது, நனைஞ்ச குடைய உள்ள போட ஜிப் வச்ச பிளாஸ்டிக் பவுச்சும் சேத்து குடுங்க.

பேக் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவ ஃபுல் சார்ஜ் போட்டு, உங்க போன்லயே மாட்டி ஏறுதான்னு பாத்துருங்க. கிஃப்ட் குடுக்கும்போது அவங்ககிட்ட ஒன்னு சொல்லி குடுங்க, சார்ஜ் ஏறுறப்ப ஜிப் போட்ட பேக்குக்குள்ள துணி நடுவுல வைக்க வேணாம், பக்கம் உப்புன மாதிரி தெரிஞ்சா அன்னைக்கே யூஸ் பண்றத நிறுத்திரணும். பில்ல கிஃப்ட் பேப்பருக்குள்ள வைக்காம நீங்களே வச்சுக்கோங்க, வாரன்ட்டிக்கு அதத்தான் கேப்பாங்க.