சேல்ஸ் ஆட்கள் விலகும்போது தடைக் காலங்களைப் பட்டியல் போடுவது எப்படி?

"வேலையை விடும் சேல்ஸ் ஆட்களின் ஒப்பந்தத்திலிருந்து போட்டித் தடை, வாடிக்கையாளர் தடை, ரகசியக் காப்பு எத்தனை காலம் என்று எடுத்து எச்.ஆருக்கு எப்படிக் கொடுப்பது?"

மாதக் கணக்கோடு நிறுத்தாமல், ஒவ்வொன்றும் முடியும் தேதியை எழுதுங்கள். முதலாவது, போட்டி நிறுவனத்தில் சேராமல் இருப்பது. இரண்டாவது, பழைய வாடிக்கையாளரை இழுக்காமல் இருப்பது. மூன்றாவது, விலைப்பட்டியல் மாதிரி உள்விவரங்களை வெளியே சொல்லாமல் இருப்பது. மருந்து அட்டையில் 'தயாரித்ததிலிருந்து 24 மாதம்' என்று மட்டும் இருந்தால் தயாரித்த தேதி தெரியாமல் காலாவதியைச் சொல்ல முடியாதே, அதே கதைதான். ராஜினாமா கொடுத்த நாளா, கடைசி வேலைநாளா, எதிலிருந்து எண்ணச் சொல்கிறது என்று பாருங்கள்.

'கடைசி வேலைநாளிலிருந்து 6 மாதம், அதற்கு முந்தைய 12 மாதத்தில் கையாண்ட வாடிக்கையாளரை அணுகக் கூடாது' என்று இருக்கிறது, அவர் 30 ஜூன் 2025 அன்று போகிறார் என்றால், தடை 30 டிசம்பர் 2025 வரைதான். அந்த 12 எந்தெந்த வாடிக்கையாளர் என்பதைச் சொல்கிறது, பலர் அதையே தடைக்காலம் என்று எடுத்துவிடுகிறார்கள். ரகசியக் காப்புக்குக் காலமே இல்லாவிட்டால் 'முடிவு தேதி இல்லை' என்றே எழுதுங்கள், காலியாக விடாதீர்கள்.

அப்புறம், போட்டித் தடை நீளமாக இருந்தால் நிறுவனத்துக்குப் பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27-இன்படி விலகிய பிறகான போட்டித் தடை பொதுவாகச் செல்லாது.